பட்டனுக்கும் வாளுக்கும் இடையே ஆறு ஃப்ரேம்

வாள்சண்டை கேம் ஆடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "ரெண்டாவது வெட்டுக்கு அழுத்தினேன், வரவே இல்ல." பெரும்பாலும் கன்ட்ரோலரில் கோளாறு இருக்காது. பட்டன் சரியாகவே அழுந்தியிருக்கும், செய்தியும் கேமுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் திரையில் இருக்கும் வீரன் முதல் வெட்டை முடிக்கவில்லை. அவன் கை வேலையாக இருந்ததால் கேம் அந்த அழுத்தலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. இதற்கு நேரெதிரான புகாரும் உண்டு. அழுத்தியதெல்லாம் உடனே நடக்கிறது, ஆனால் வீரன் வெடுக் வெடுக்கென்று துள்ளுகிறான், எந்த வெட்டும் முழுதாக விழுந்த மாதிரியே தெரியவில்லை.

முதல் புகாரைக் கேட்டதும் அனிமேஷனைச் சுருக்கி வேகமாக்குவதுதான் பலரும் செய்கிற முதல் காரியம். அப்படிச் செய்தால் முதல் புகார் போய் இரண்டாவது புகார் வந்து சேரும். தொட வேண்டிய இடம் அனிமேஷனின் வேகமே அல்ல. அழுத்தலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பது ஒன்று, அதை நிறைவேற்ற அனிமேஷனில் சரியான இடத்தைத் திறந்துவிடுவது இன்னொன்று. முதலாவதை இன்புட் பஃபர் என்கிறார்கள், இரண்டாவதை கேன்சல் விண்டோ என்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று கணக்குப் பொருந்தி நிற்க வேண்டியவை.

பஃபர் எதற்கு? திரையில் ஒன்றைப் பார்த்து, பிறகு விரலை அசைக்க, மனிதருக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் என்பது 16.7 மில்லி நொடி, ஆகவே கால் நொடி என்றால் 15 ஃப்ரேம். 'வெட்டு முடிந்துவிட்டது' என்று பார்த்துவிட்டு அடுத்ததை அழுத்தினால் காம்போ ஒருபோதும் ஓடாது. அதனால் யாரும் பார்த்து அழுத்துவதில்லை, தாளத்தில் அழுத்துகிறார்கள். தாளத்தில் அழுத்தும் விரல் எப்போதும் கொஞ்சம் முந்தும். ஓட்டல் சர்வர் இரண்டு கையிலும் தட்டு வைத்திருக்கும்போது நாம் "இன்னொரு தோசை" என்று சொல்கிறோம். அவர் கேட்டு வைத்துக்கொண்டு, கை ஒழிந்ததும் சமையலறைக்குச் சொல்கிறார். கை ஒழிந்த பிறகு வந்து மறுபடி சொல்லுங்கள் என்பதில்லை. பஃபர் செய்வதும் அதுதான்.

கேன்சல் என்ற பழக்கத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' கேமில் ஒரு காரை அடித்து நொறுக்கும் போனஸ் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தைச் சோதித்தபோது ஏதோ விசித்திரமாகத் தெரிந்ததாகவும், வீடியோ எடுத்துப் பார்த்ததில் ஒரு குத்தின் நேரத்துக்குள்ளேயே இன்னொரு அடி புக முடிவதைக் கண்டதாகவும் கேப்காமின் நொரிடகா ஃபுனமிஸு பின்னாளில் சொல்லியிருக்கிறார். இவ்வளவு துல்லியமாக யார் அழுத்தப் போகிறார்கள் என்று நினைத்து, நீக்காமல் மறைவாக இருக்கட்டும் என விட்டுவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். குத்து பட்டவுடன் அதன் மீதி அனிமேஷனைக் கைவிட்டு நேராகச் சிறப்புத் தாக்குதலுக்குத் தாவுவது அந்த வகை கேம்களுக்கே அடித்தளமாகிவிட்டது. ஆனால் நேரச் சலுகை விஷயத்தில் அதே வரிசை கேம்கள் நெடுங்காலம் கறாராகவே இருந்தன. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' கேமில் சில தொடர்களைச் சேர்க்க ஒரே ஒரு ஃப்ரேமுக்குள் அழுத்தியாக வேண்டும். 2016இல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான் அந்த இடைவெளி குறைந்தது மூன்று ஃப்ரேமாக விரிந்தது.

இனி ஒரு வெட்டை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் ஒரு கேம். மூன்று வெட்டுகள் கொண்ட காம்போவில் முதல் வெட்டு. வீரன் வலமிருந்து இடமாக வாளை வீசுகிறான், மொத்தம் 40 ஃப்ரேம்.

முதல் 9 ஃப்ரேம் வாளை ஓங்குவது. 10 முதல் 13 வரை வெட்டு, அதாவது வாள் எதிரி மேல் பட்டால் கணக்கில் வரும் நேரம் இந்த நாலு ஃப்ரேம்தான். 14 முதல் 40 வரை மீள்வது. ஆக, மொத்த அனிமேஷனில் மூன்றில் இரண்டு பங்கு, வெட்டு முடிந்த பிறகு நடப்பது. ஆட்டக்காரருக்கு 'பட்டன் வேலை செய்யவில்லை' என்று தோன்றுவது முழுக்க இந்தப் பகுதியில்தான்.

மீளும் பகுதியையும் அனிமேட்டரோடு உட்கார்ந்து பிரிக்க வேண்டும். 14 முதல் 21 வரை வாள் தன் வேகத்தில் இடப்பக்கம் போய் நிற்கிறது, இடுப்பும் தோளும் கூடவே திரும்புகின்றன. வெட்டுக்குக் கனம் தருவது இந்த எட்டு ஃப்ரேம்தான். இதை அறுத்தால் வாள் அட்டையில் செய்தது போலாகிவிடும். 22 முதல் 30 வரை உடல் ஏறக்குறைய அதே நிலையில் நிற்கிறது, மூச்சு வாங்குவது போல லேசான அசைவு மட்டும். 31 முதல் 40 வரை வாள் பழையபடி காவல் நிலைக்குத் திரும்பி, கால்களும் ஒன்றுசேர்கின்றன. இந்தக் கடைசிப் பத்து ஃப்ரேமை யாரும் கேட்கவில்லை. ஆட்டக்காரர் வேறு ஒன்றும் அழுத்தாதபோது வீரன் ஒழுங்காக நிலைக்கு வந்து நிற்பதற்காக இருக்கிறது.

அடுத்த வெட்டுக்கான கேன்சல் விண்டோ 22இல் திறந்து 30இல் மூடுகிறது என்று வைப்போம். பஃபர் 12 ஃப்ரேம், அதாவது ஐந்தில் ஒரு நொடி. ஒருவர் 26ஆம் ஃப்ரேமில் அழுத்துகிறார். விண்டோ திறந்தே இருக்கிறது, அடுத்த ஃப்ரேமில் இரண்டாவது வெட்டு தொடங்குகிறது. இன்னொருவர் 16இல் அழுத்துகிறார். வாள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. கேம் அந்த அழுத்தலை ஆறு ஃப்ரேம் பிடித்து வைத்து, 22 வந்ததும் நிறைவேற்றுகிறது. பத்தில் ஒரு நொடி காத்திருந்தது அவருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அந்த நேரம் முழுக்க வாள் நகர்ந்துகொண்டிருந்தது, கண்ணுக்கு வேலை இருந்தது. அழுத்தியபோதே வெட்டு வந்ததாகத்தான் அவர் சொல்வார். பஃபர் இல்லாவிட்டால் அவருக்குக் கிடைத்திருப்பது 9 ஃப்ரேம் சந்து. பஃபர் இருப்பதால் 10 முதல் 30 வரை எங்கே அழுத்தினாலும் செல்லும், ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி. இத்தனைக்கும் அனிமேஷனில் ஒரு ஃப்ரேம்கூடக் குறையவில்லை.

மூன்றாமவர் ஓங்கும்போதே, 6ஆம் ஃப்ரேமில், இன்னொரு தரம் தட்டிவிடுகிறார். அந்த அழுத்தல் 18இல் காலாவதியாகிவிடும், வெட்டு வராது. இது குறையா என்றால், என் கணிப்பில் இல்லை. அவ்வளவு சீக்கிரம் விழும் இரண்டாவது தட்டலில் பாதி, விரல் பதற்றத்தில் வந்தது. ஒரே ஒரு வெட்டு மட்டும் வெட்டிவிட்டு விலக நினைத்தவரை இரண்டாவது வெட்டுக்குள் இழுத்துப்போவதைவிட அதை மறந்துவிடுவது நல்லது.

இப்போது 22 என்ற எண்ணுக்கு வருவோம், ஏனென்றால் சுத்தமான முடிவு என்பது இந்த எண்ணில் இருக்கிறது. இரண்டாவது வெட்டு இடமிருந்து வலமாகப் போகிறது. அதன் முதல் படம், முதல் வெட்டின் 22ஆம் படத்தைப் போலவே வரையப்பட்டிருக்க வேண்டும்: வாள் இடப்பக்கம், எடை முன்காலில். அப்போதுதான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போது மூன்று நாலு ஃப்ரேம் கலவையிலேயே தையல் தெரியாமல் ஒட்டும். 22 முதல் 30 வரை உடலை ஏறக்குறைய அசையாமல் வைத்ததன் காரணமும் இதுவே. விண்டோவின் எந்த ஃப்ரேமில் தாவினாலும் கிளம்பும் இடம் ஒன்றாகவே இருக்கும். விண்டோவை 38 வரை நீட்டினால் என்ன ஆகும்? அதற்குள் வாள் காவல் நிலைக்கு வந்திருக்கும். அங்கிருந்து இடப்பக்கம் தொடங்கும் வெட்டுக்குக் கலந்தால், வாள் வீரனின் நெஞ்சுக்குள் புகுந்து மறுபுறம் வரும். பல கேம்களில் நாம் பார்த்திருக்கும் காட்சிதான். அதனால் 30ஐத் தாண்டி அழுத்தினால் காம்போ அறுந்ததாக வைத்து, முதல் வெட்டிலிருந்தே மறுபடி தொடங்குவது சரி. அந்த வெட்டு காவல் நிலையிலிருந்து கிளம்புவது என்பதால் ஒட்டும்.

கால்களையும் பார்க்க வேண்டும். முன்கால் தரையில் ஊன்றுவதற்கு முன் விண்டோ திறந்தால் தூக்கிய கால் காற்றிலேயே மறைந்து, அடுத்த வெட்டில் வேறு இடத்தில் முளைக்கும். வீரன் பனியில் வழுக்குவது போலத் தெரியும். கால் ஊன்றும் ஃப்ரேம் 20 என்றால் 22இல் திறப்பது பாதுகாப்பு, 17இல் திறந்தால் ஆபத்து.

எல்லாச் செயலுக்கும் ஒரே விண்டோ வைப்பது அடுத்த தவறு. தப்பிக்கும் உருளல் சீக்கிரம் திறக்க வேண்டும், ஏனென்றால் உயிர் போகும் நேரத்தில் யாரும் வாளின் அழகைப் பார்ப்பதில்லை. நம் வெட்டில் ஓங்கும்போது முதல் ஐந்து ஃப்ரேமிலும், வெட்டு முடிந்த 14இலிருந்தும் அதைத் திறக்கலாம். நடுவில் 6 முதல் 13 வரை மூடியிருப்பது வேண்டுமென்றே செய்வது. வெட்டத் துணிந்தவர் அதற்குரிய ஆபத்தையும் ஏற்க வேண்டும், இல்லையென்றால் சண்டையில் பயமே இருக்காது. நடப்பதற்கான விண்டோ கடைசியில், 31இல்தான் திறக்க வேண்டும். இங்கேதான் நான் பார்த்த பல கேம்கள் சறுக்குகின்றன. வெட்டு என்பது ஒரு தட்டல், நடை அப்படியில்லை. சண்டையில் எல்லோரும் ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்தபடியேதான் இருப்பார்கள். நடையை 14இலேயே திறந்துவிட்டால், ஸ்டிக் சாய்ந்திருக்கும் ஒவ்வொரு முறையும் வெட்டின் பின்பாதி துண்டாகிவிடும். ஆட்டக்காரர் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் கேம் நிறுத்திக்கொண்டே இருக்கும். அனிமேட்டரின் கணினியில் அருமையாக இருந்த வெட்டு, கேமுக்குள் வந்ததும் மொண்ணையாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு கோளாறு கண்டுபிடிக்கச் சிரமமானது. அடி பலமாகத் தெரிவதற்காக, வாள் பட்ட கணத்தில் இருவரையும் சில ஃப்ரேம் உறைய வைப்பார்கள். நம் வெட்டில் 10ஆம் ஃப்ரேமில் வாள் பட்டு ஆறு ஃப்ரேம் உறைகிறது என்று கொள்வோம். அடி விழுந்த தாளத்தோடு சேர்த்து, அதே 10இல் ஆட்டக்காரர் அடுத்ததை அழுத்துகிறார். காற்றில் வீசியிருந்தால் 12 ஃப்ரேமில் 22 வந்துவிடும், பஃபர் சரியாகப் போதும். எதிரி மேல் பட்டதால் 22 வர 18 ஃப்ரேம் ஆகிறது. அனிமேஷன் உறைந்தபோது பஃபரின் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், வாள் 16ஆம் ஃப்ரேமில் இருக்கும்போதே அழுத்தல் காலாவதியாகிவிடும். இதன் அடையாளம் தெளிவானது: ஆளில்லாத இடத்தில் வீசினால் காம்போ ஓடும், எதிரியை அடித்தால் அறுந்துவிடும். சரிசெய்ய, உறையும் நேரத்தில் பஃபரின் கணக்கையும் நிறுத்தி வைத்தால் போதும்.

பஃபரில் எத்தனை அழுத்தலைச் சேர்த்து வைப்பது? ஒன்று போதும் என்பது என் தீர்மானம். படபடவென்று ஐந்து தரம் தட்டியவருக்கு ஐந்து வெட்டையும் வரிசையாகக் கொடுத்தால், அவர் கையை எடுத்த பிறகும் வீரன் வெட்டிக்கொண்டே இருப்பான். புதிய அழுத்தல் பழையதை அழிக்கட்டும். ஆனால் அதற்கும் ஒரு விலக்கு வேண்டும். 12ஆம் ஃப்ரேமில் உருளல் அழுத்திய ஒருவர், பதற்றத்தில் 13இல் வெட்டையும் தட்டிவிடுகிறார். புதியது பழையதை அழிக்கும் என்று விட்டால், 14இல் நடந்திருக்க வேண்டிய உருளல் இல்லாமல் போய், 22இல் வெட்டு வரும். அதற்குள் எதிரியின் அடி விழுந்திருக்கும். ஆகவே பஃபரில் உருளல் இருந்தால் வெட்டு அதை அழிக்கக் கூடாது.

அடி வாங்கியவுடன் பஃபரைத் துடைத்துவிடுவதும் அவசியம். இல்லையென்றால் தள்ளாடி எழுந்த வீரன், ஆட்டக்காரர் மறந்தே போன பழைய வெட்டை வீசுவான். யூனிட்டி மென்பொருளில் கேம் செய்யப் பழகுகிறவர்களுக்கு இந்தப் பேய் வெட்டு நன்றாகத் தெரிந்திருக்கும். அதில் `SetTrigger` என்ற கட்டளையால் அனிமேஷனைத் தூண்டினால், அந்தத் தூண்டல் ஏதாவது ஒரு மாற்றம் அதை எடுத்துக்கொள்ளும்வரை அப்படியே கிடக்கும். தெரியாமலேயே காலாவதி இல்லாத பஃபர் ஒன்றை வைத்தது போலாகிறது. நேரக் கணக்கைத் தனியே வைத்துக்கொண்டு, விண்டோ திறந்திருக்கும்போது மட்டும் `SetTrigger` கொடுப்பதும், அடி வாங்கினால் `ResetTrigger` கொடுத்துத் துடைப்பதும் இதற்குத் தீர்வு.

அறுபட்ட அனிமேஷன் விட்டுச்செல்லும் மிச்சங்கள் வேறு இருக்கின்றன. உருளலை இன்னும் முந்தித் திறக்க நினைத்து ஒருவர் 12ஆம் ஃப்ரேமிலேயே அனுமதித்துவிடுகிறார். 'வாள் இனி வெட்டாது' என்று சொல்லும் குறிப்பு 14ஆம் ஃப்ரேமில் பதிந்திருக்கிறது. 12இல் உருண்டுவிட்டால் அந்த 14 வரவே வராது. அதன்பின் வீரன் சும்மா எதிரியின் பக்கத்தில் நடந்தாலே எதிரிக்குக் காயம் விழும், வாளின் ஒளிக்கோடு காற்றில் தொங்கும். இவற்றை அணைக்கும் வேலையை அனிமேஷனின் குறிப்பிட்ட ஃப்ரேமில் மட்டும் நம்பி விடக் கூடாது. அந்த வெட்டு நிலையிலிருந்து எந்த வழியாக வெளியேறினாலும், வாசலிலேயே எல்லாம் அணைய வேண்டும்.

பஃபரின் அளவுக்கு எல்லா கேமுக்கும் பொதுவான எண் கிடையாது. 2018இல் வந்த 'சூப்பர் ஸ்மாஷ் ப்ரோஸ் அல்டிமேட்' 9 ஃப்ரேம் வைத்திருக்கிறது, பட்டனை விடாமல் பிடித்திருந்தால் அதையும் தாண்டி நினைவில் வைக்கும். அதே வரிசையில் 2001இல் வந்த 'மெலே' ஏறக்குறைய பஃபரே இல்லாதது. அதை இன்றும் விரும்பி ஆடுகிறவர்கள், தாங்கள் அழுத்தாத எதுவும் அதில் நடப்பதில்லை என்பதற்காகவே அதை உயர்வாகப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பஃபர் நீளும்தோறும், மனம் மாறிய பிறகும் பழைய கட்டளை நிறைவேறும் வாய்ப்பு கூடும்.

உங்கள் கேமுக்கு எந்த எண் என்று அறிய, ஆடுகிறவர்களின் ஒவ்வொரு அழுத்தலும் எந்த ஃப்ரேமில் விழுந்தது என்பதைப் பதிவு செய்யச் சொல்லலாம். அடுத்த வெட்டுக்கான அழுத்தல்கள் சிலரிடம் 12 முதல் 20க்குள் குவியும், சிலரிடம் 22ஐ ஒட்டிக் குவியும். 7, 8, 9 என்ற ஃப்ரேம்களிலும் நிறைய விழுந்து வீணாகியிருந்தால் பஃபரை மூன்று ஃப்ரேம் கூட்டலாமா என்று யோசிக்கலாம். கூட்டுவதற்கு முன், அந்த அழுத்தல் வீணானபோது அவர்கள் மறுபடி அழுத்தினார்களா என்று பார்க்க வேண்டும். மறுபடி அழுத்தியவர் நிஜமாகவே வெட்டக் கேட்டவர். அழுத்தாமல் விலகியவருக்கு அது விரல் தவறியது.

பதிவில் 30ஐத் தாண்டியும் ஒரு குவியல் தெரியலாம். அது பெரும்பாலும் திரையின் குற்றம். படத்தை மெருகேற்றும் டிவி சில நேரம் மூன்று ஃப்ரேம்கூடத் தாமதித்தே காட்டும். அதில் ஆடுகிறவர் தாமதமாகப் பார்ப்பதால் தாமதமாகவே அழுத்துவார், அவருக்கு பஃபர் எந்த விதத்திலும் உதவாது, ஏனென்றால் பஃபர் முந்தியவர்களுக்கானது. பிந்தியவர்களுக்கு இருப்பது விண்டோவின் வால்பகுதி மட்டுமே. ஆகவே அந்த அசையாத நிலையை ஒன்பது ஃப்ரேமிலிருந்து பன்னிரண்டாக நீட்டித் தர அனிமேட்டரிடம் கேட்க வேண்டியிருக்கும், அப்படி நீட்டிய வெட்டை மானிட்டரில் ஒரு முறையும் வீட்டு டிவியில் ஒரு முறையும் ஆடிப் பார்த்த பிறகே எண்ணை முடிவு செய்ய வேண்டும்.